நேர்முகப் பரீட்சையை ஒழுங்குசெய்து தந்தவருக்கு ஒரு நன்றிச் செய்தி

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையும் மண்சரிவும் பதுளை மாவட்டத்தில் பல குடும்பங்களை லயன் அறைகளை விட்டு வெளியேற வைத்தன. பாடசாலைகளிலும் கோயில் மண்டபங்களிலும் உறவினர் வீடுகளிலும் தங்கியிருந்துவிட்டு இப்போது பசறைப் பக்கம் திரும்பிவரும் பல வீடுகளில், உயர்தரம் முடித்த பிள்ளைகள் வேலை தேடிக்கொண்டிருக்கிறார்கள். எல்ல, பண்டாரவளை ஹோட்டல்களுக்கும் பதுளை நகரத்து நிறுவனங்களுக்கும் கொழும்புக் கம்பனிகளுக்கும் விண்ணப்பம் போடுகிறார்கள். சிலருக்கு நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பும் வருகிறது. அதன் பிறகு செய்யவேண்டிய ஒரு சின்னக் காரியத்தைப் பற்றியே இங்கே சொல்கிறோம். பிள்ளைக்கு வாசித்துக் காட்டுங்கள். அல்லது இந்தப் பக்கத்தைக் கையில் கொடுங்கள்.

நேர்முகப் பரீட்சையில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து கேள்வி கேட்டவரை எல்லோருக்கும் நினைவிருக்கும். அதற்கு முன்னால் வேறொருவர் வேலை செய்திருப்பார். உங்களுக்குத் தொலைபேசி எடுத்தவர், திகதியும் நேரமும் சொன்னவர், எந்தப் பத்திரங்களைக் கொண்டுவர வேண்டும் என்று வட்ஸ்அப்பில் அனுப்பியவர், வாசலில் உங்கள் பெயரைக் கொடுத்து வைத்தவர். பெரும்பாலும் மனிதவளப் பிரிவில் ஆட்சேர்ப்பைக் கவனிக்கும் அலுவலர் அவர். நம் பிள்ளைகள் 'எச்.ஆர். மிஸ்' என்று சொல்வது அவரைத்தான். அவர் உங்களிடம் ஒரு கேள்வியும் கேட்டிருக்கமாட்டார், புள்ளியும் போட்டிருக்கமாட்டார். அதனால் வீடு திரும்பியதும் அவரை மறந்துவிடுகிறோம்.

உங்களைத் தெரிவுசெய்வது அவர் கையில் இல்லை என்பது உண்மை. ஆனால் தெரிவுக்கு முன்னும் பின்னும் நடப்பதில் பல விஷயங்கள் அவர் கையில்தான் உள்ளன. உங்கள் கோப்பில் ஒரு பத்திரம் குறைந்தால் அதைக் கேட்டு வாங்குவதா, குறையோடு மேலே அனுப்புவதா என்று பார்ப்பவர் அவர். தெரிவான ஒருவர் வேலைக்கு வராவிட்டால் பட்டியலில் அடுத்தவருக்கு அழைப்பு எடுப்பவரும் அவர்தான். அந்த அழைப்பு உங்களுக்குக் கிடைக்காவிட்டால் மறுபடி ஒருமுறை முயற்சி செய்வாரா, அடுத்த பெயருக்குப் போவாரா? நமக்கு முக்கியமான இடம் இதுதான். மலைப்பக்கத்தில் சிக்னல் வரும், போகும். இடம்பெயர்ந்த காலத்தில் பலருடைய சிம் மாறிவிட்டது, முகவரியும் மாறிவிட்டது. விண்ணப்பத்தில் எழுதிய எண்ணுக்கு அழைத்து, பதில் இல்லாமல், கிடைத்திருக்கவேண்டிய வேலை இன்னொருவருக்குப் போவதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை.

ஆகவே இந்தச் செய்தி இரண்டு வேலை செய்கிறது. நன்றி சொல்கிறது, உங்களை எங்கே, எப்போது பிடிக்கலாம் என்றும் சொல்கிறது.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். பசறைக்கு அருகே ஒரு தோட்டத்தைச் சேர்ந்த பிள்ளைக்குப் பண்டாரவளையில் ஒரு ஹோட்டலில் வரவேற்பாளர் வேலைக்கு நேர்முகப் பரீட்சை. காலை 9 மணிக்கு வரச் சொல்கிறார்கள். பதுளைக்குப் போய் பஸ் மாறவேண்டும். 9 மணிக்குப் போய்ச் சேர முடியாது. பிள்ளை அதைச் சொன்னதும் அந்த அலுவலர் நேரத்தை 11.30க்கு மாற்றித் தருகிறார். அடையாள அட்டை மண்ணோடு போய்விட்டது என்றதும், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியையும் கிராம உத்தியோகத்தரின் கடிதத்தையும் கொண்டுவரச் சொல்லி, வாசலில் இருக்கும் பாதுகாப்பு உத்தியோகத்தருக்கும் தகவல் கொடுத்து வைக்கிறார். நேர்முகப் பரீட்சை நடக்கிறது, நடத்தியவர் முகாமையாளர். முடிவை ஒரு வாரத்தில் சொல்வதாகச் சொல்லி அனுப்புகிறார்கள். மறுநாள் காலை அந்தப் பிள்ளை அனுப்பக்கூடிய செய்தி இப்படி இருக்கலாம்:

"வணக்கம் மிஸ். நேற்று 11.30க்கு வரவேற்பாளர் வேலைக்கான நேர்முகப் பரீட்சைக்கு வந்த (முழுப் பெயர்) நான். பஸ் நேரத்தைச் சொன்னதும் எனக்காக நேரத்தை மாற்றித் தந்தீர்கள். அடையாள அட்டை இல்லாத விஷயத்தை வாசலிலும் சொல்லி வைத்திருந்தீர்கள். அதனால் பதற்றம் இல்லாமல் உள்ளே வர முடிந்தது. மிகவும் நன்றி. எங்கள் தோட்டத்தில் பகலில் சிக்னல் குறைவு. இந்த எண் கிடைக்காவிட்டால் என் அக்காவின் எண்ணுக்கு (எண்) எந்த நேரமும் சொல்லலாம். புதிய அடையாள அட்டை வந்ததும் பிரதியை அனுப்புகிறேன்."

இதில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். முதலில், யார், எந்த வேலை, எப்போது வந்தார் என்பது வந்துவிடுகிறது. ஒரே நாளில் பலரை வரவழைக்கும் ஒருவருக்கு 'நேற்று வந்தேன் மிஸ்' என்றால் யார் என்று தெரியாது. பெயரை விண்ணப்பத்தில் உள்ளபடியே எழுதவேண்டும். வீட்டில் கூப்பிடும் பெயர் வேண்டாம். அடுத்தது, நன்றி எதற்கு என்பது தெளிவாக இருக்கிறது. 'எல்லா உதவிக்கும் நன்றி' என்பதை யாரும் யாருக்கும் அனுப்பலாம். நேரத்தை மாற்றித் தந்ததற்கு நன்றி என்றால் அது அவர் செய்த வேலையைப் பார்த்துச் சொல்வது. ஒழுங்குசெய்யும் வேலை சரியாக நடந்தால் யார் கண்ணிலும் படாது, பிழைத்தால்தான் ஏச்சு விழும் (திருவிழாவில் அன்னதானத்துக்குப் பொறுப்பாக இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்). கடைசியாக வருவது அவருடைய வேலையை இலகுவாக்கும் தகவல்: மாற்று எண், வரவேண்டிய பத்திரம்.

அதில் இல்லாததையும் கவனியுங்கள். 'எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கள்' என்று இல்லை. அப்படிக் கேட்டால் அவரால் முடியாததைக் கேட்டதாகும். நன்றியும் வெறும் முன்னுரையாகிவிடும். 'முடிவு என்ன' என்ற கேள்வியும் இல்லை. வீடு போன கதை, அப்பாவின் சுகவீனம், கடன் எதுவும் இல்லை. உங்கள் கஷ்டம் உண்மையானது. ஆனால் அதை வாசிக்கும் அலுவலருக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல், செய்தியை அப்படியே விட்டுவிட வாய்ப்பு அதிகம். நேர்முகப் பரீட்சை நடத்தியவரைப் பற்றி ஒரு குறையும் இல்லை. அவர் கடுமையாகப் பேசியிருந்தாலும் அதைச் சொல்லும் இடம் இதுவல்ல.

எப்போது அனுப்புவது? அன்று மாலை அலுவலகம் மூடுவதற்கு முன், அல்லது மறுநாள் காலை. இரவு 9 மணிக்கு வேண்டாம். அவர் எந்த வழியில் உங்களோடு பேசினாரோ அதே வழியில் அனுப்புங்கள். மின்னஞ்சல் அனுப்பியவருக்கு மின்னஞ்சல், வட்ஸ்அப் என்றால் வட்ஸ்அப். பேஸ்புக்கில் தேடிப் பிடித்து அனுப்பாதீர்கள். மொழியும் அப்படித்தான்: அவர் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதியிருந்தால் அதே மொழியில் மூன்று சிறிய வசனங்கள் போதும். தெரிந்த ஒருவரிடம் காட்டித் திருத்தி அனுப்பலாம். ஆனால் அவர் எழுதித் தரும் பெரிய வசனங்களை வாங்காதீர்கள், அடுத்த தடவை நீங்கள்தான் தொலைபேசியில் பேசவேண்டும்.

சாதாரண குறுஞ்செய்தியாக அனுப்புகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து இடம் உண்டு, தமிழில் 70தான். அதிலும் 'தி', 'மு' போன்ற எழுத்து ஒவ்வொன்றும் இரண்டு இடம் பிடிக்கும். மேலே உள்ள செய்தியை அப்படியே அனுப்பினால் அது பல குறுஞ்செய்திகளாகப் பிரிந்து போகும், ஒவ்வொன்றுக்கும் காசு வெட்டும். ஆகவே குறுஞ்செய்தியில் பெயர், வேலை, ஒரு நன்றி, மாற்று எண் ஆகியவற்றோடு நிறுத்துங்கள். வட்ஸ்அப்பில் ஒரு சாம்பல் நிறச் சரி அடையாளம் மட்டும் நின்றால், செய்தி இன்னும் அவருடைய தொலைபேசிக்குப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். இரண்டு வந்துவிட்டால் போய்ச் சேர்ந்துவிட்டது. பதில் வராவிட்டாலும் மறுபடி அனுப்பத் தேவையில்லை. இத்தகைய செய்திக்குப் பலர் பதில் எழுதுவதில்லை. அதனால் ஒன்றும் குறையவில்லை.

இனி, கொஞ்சம் கவனமாகப் பேசவேண்டிய விஷயம். நம் ஊரில் உதவி செய்தவருக்கு ஏதாவது கொடுத்தனுப்புவது வழக்கம். ஒரு தேயிலைப் பைக்கற்று, வீட்டுத் தோட்டத்துக் காய்கறி, தொலைபேசிக்கு ஒரு ரீலோட். வேறு எங்கேயும் அது நல்ல மனம்தான். வேலைக்கு ஆள் எடுக்கும் விஷயத்தில் வேண்டாம். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் தனியார் துறையில் இலஞ்சம் கொடுப்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கியிருக்கிறது. சட்டத்தை விடுங்கள்: அன்பளிப்பு வந்தால் நேர்மையான அலுவலர் உங்களிடமிருந்து விலகித்தான் நிற்பார். மறுபக்கமாக, நேர்முகப் பரீட்சையை ஒழுங்குசெய்தவரே 'சந்தோசமாக ஏதாவது' என்று கேட்டால் கொடுக்காதீர்கள். இலஞ்ச, ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954.

வெளிநாட்டு வேலை என்றால் இன்னும் கவனம் தேவை. தோட்டத்துக்கு வந்து 'எல்லாம் நானே ஒழுங்குசெய்கிறேன்' என்று சொல்பவர் ஆட்சேர்ப்பு அலுவலர் அல்ல, தரகராக இருக்கலாம். நன்றியோ பணமோ எதுவும் சொல்வதற்கு முன், அவர் சொல்லும் முகவர் நிலையத்துக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திடம் 1989 என்ற இலக்கத்தில் கேளுங்கள். கடவுச்சீட்டை அவரிடம் விட்டு வைக்காதீர்கள்.

பெண்பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. நன்றிச் செய்திக்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து இரவில் செய்திகள், படம் கேட்பது, தனியாகச் சந்திக்கச் சொல்வது என்று தொடங்கினால், பிள்ளை பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்ல. நேரம் மாற்றித் தந்தது அவருடைய தொழில். செய்திகளை அழிக்காமல் வைத்திருந்து, நிறுவனத்தின் முகாமையாளரிடம் காட்டுங்கள்.

சொன்ன ஒரு வாரம் முடிந்தும் தகவல் இல்லை என்றால், மேலும் இரண்டு வேலை நாட்கள் விட்டு ஒரு வரியில் கேட்கலாம்: "மிஸ், வரவேற்பாளர் வேலையின் முடிவு வந்துவிட்டதா என்று அறிய விரும்புகிறேன்." முன்பே நன்றி சொல்லியிருப்பதால் இந்தக் கேள்வி நெருக்குவதுபோல் தோன்றாது.

பதில் 'இல்லை' என்று வந்தாலும் அன்றே ஒரு செய்தி அனுப்புங்கள். பெரும்பாலானோர் அந்த இடத்தில் மௌனமாகிவிடுவார்கள். "தகவல் சொன்னதற்கு நன்றி மிஸ். வேறு வேலைக்கு ஆள் எடுத்தால் சொல்லுங்கள், வீட்டுப் பராமரிப்புப் பிரிவு என்றாலும் வர விருப்பம்." நீங்கள் உண்மையில் செய்யத் தயாரான வேலையை மட்டும் எழுதுங்கள். அவருடைய எண்ணை நிறுவனத்தின் பெயரோடு சேமித்து வையுங்கள். இரண்டு மாதம் கழித்துத் தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பு என்று நினைத்து எடுக்காமல் விட்டுவிடக் கூடாது.