குதிரை சிரிக்கவில்லை, மோப்பம் பிடிக்கிறது

எங்கள் தோட்டம் கீழ்ப்பழனி மலையில் இருக்கிறது. வண்டி வராத பாதை. காப்பி மூட்டையும் வாழைத்தாரும் மட்டக்குதிரை முதுகில்தான் கீழே இறங்கும். பாதையில் இன்னொரு குதிரை மூத்திரம் பெய்த இடம் வந்தால் போதும், எங்கள் குதிரை நின்றுவிடும். மோந்து பார்க்கும். பிறகு கழுத்தை நீட்டி மூஞ்சியை வானத்துக்குத் தூக்கி, மேலுதட்டைச் சுருட்டிப் பல்லைக் காட்டும். "மாமா, குதிரை சிரிக்குது பாருங்க" என்பான் பக்கத்துத் தோட்டத்துப் பையன்.

இதை நீங்கள் மாட்டிலேயே பார்த்திருப்பீர்கள். பசு மூத்திரம் பெய்ததும் காளை போய் மோந்துவிட்டு இதே மாதிரி முகத்தைத் தூக்கி நிற்கும். ஆட்டுக்கிடாவும் செய்யும். மூன்றும் செய்வது ஒரே வேலைதான்.

நாம் சாதாரணமாக முகர்வது காற்றில் பறந்து வரும் வாசனையை. ஆனால் மூத்திரத்தில் இருக்கும் சில பொருள்கள் கனமானவை, லேசில் பறக்காது. அவற்றை அறிய இந்த விலங்குகளுக்குத் தனியாக ஓர் உறுப்பு இருக்கிறது. மூக்கை இரண்டாகப் பிரிக்கும் நடுச்சுவரின் அடிப்பக்கம், இரண்டு பக்கமும் மெல்லிய குழாய் போலப் படுத்திருக்கும். டென்மார்க்கைச் சேர்ந்த ஜேக்கப்சன் என்பவர் இருநூறு வருஷத்துக்கு முன்பு இதை விவரித்தார். அதனால் ஜேக்கப்சன் உறுப்பு என்கிறார்கள். இது பிடிக்கும் சேதி, சாதாரண வாசனை போகும் இடத்துக்குப் போகாமல் மூளையில் வேறொரு பகுதிக்குப் போகிறது.

மாட்டின் வாயைத் திறந்து பாருங்கள். மேல்தாடையில் முன்பல் இருக்காது, மெத்தை மாதிரி இருக்கும். அதற்குப் பின்னால் ஒரு சின்ன மேடும் அதன் இருபுறமும் துளையும் தெரியும். அந்த வழியாக வாயிலிருந்தும் இந்த உறுப்புக்குப் பொருள் போகும். குதிரைக்கு இந்த வாய்வழி அடைத்திருக்கும். மூக்கு வழி மட்டும்தான். அதனால்தான் குதிரை மூக்கை நன்றாக வைத்து மோந்துவிட்டு, உதட்டைச் சுருட்டி மூக்குத் துவாரத்தை ஒடுக்குகிறது. தலையைத் தூக்கும்போது, மூக்குக்குள் ஈரத்தில் கரைந்த பொருள் உறுப்பின் வாய்ப்பக்கம் சேர்கிறது. உறுப்பைச் சுற்றியுள்ள ரத்தக்குழாய்கள் புடைத்துச் சுருங்க, அது பம்பு போல உள்ளே இழுத்துக்கொள்கிறது. சில சமயம் மூக்கிலிருந்து தெளிந்த நீர் சொட்டும். அது சளி பிடித்தது அல்ல.

ஆண் குதிரைதான் இதை அதிகம் செய்யும். பெட்டைக்குதிரை சுமார் 21 நாளைக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். அது எந்த நிலையில் இருக்கிறது என்பதை மூத்திரத்திலேயே கணித்துக்கொள்ளும். குட்டி போட்ட பெட்டையும் தரையில் கிடக்கும் பனிக்குட நீரை மோந்துவிட்டு உதட்டைச் சுருட்டும். காரமான மருந்து, புகை, பழகாத வாடை எதுவானாலும் ஒருமுறை செய்து பார்க்கும். அரை நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். அப்புறம் மேய்ச்சலுக்குப் போய்விடும்.

ஆனால், மோந்து பார்க்க எதுவுமே இல்லாமல் உதட்டைச் சுருட்டினால்?

சில வருஷத்துக்கு முன்னால் இன்னொரு பெட்டை வைத்திருந்தேன். ஒருநாள் மத்தியானம் கட்டுத்தறியில் நின்றபடியே அடிக்கடி உதட்டைச் சுருட்டியது. நாங்கள் சிரித்துக்கொண்டே வேலையைப் பார்த்தோம். சாயங்காலம்தான் கவனித்தேன்: காலையில் போட்ட புல் அப்படியே கிடக்கிறது, சாணி இல்லை, திரும்பித் திரும்பி விலாவைப் பார்க்கிறது, முன்காலால் தரையைச் சுரண்டுகிறது. இருட்டியதும் வியர்த்துப் படுத்துப் புரண்டது. டாக்டர் மலையேறி வருவதற்குள் நேரமாகிவிட்டது. குடல் முறுக்கிக்கொண்டது என்றார். விடியறதுக்குள்ள போயிருச்சு.

குதிரைக்கு வயிற்றுவலி வந்தாலும் உதட்டைச் சுருட்டும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பல்வலி, வாய்ப்புண் இருந்தாலும் செய்யலாம். பிரித்தறிய ஒரே கேள்வி: எதை மோந்தது? மோந்த பொருள் கண்ணுக்குத் தெரிந்து, ஓரிரு முறையோடு நின்றால் கவலை வேண்டாம். காரணமில்லாமல் திரும்பத் திரும்பச் செய்தால் தீனியை எடுத்துவிட்டு, சாணி போட்டதா என்று பாருங்கள். இடது முழங்கைக்குப் பின்னால் கை வைத்து நெஞ்சுத் துடிப்பை எண்ணுங்கள். ஓய்வில் நிமிஷத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். 60-ஐத் தாண்டினால் ஆபத்து. ஆனால் துடிப்பு ஏறட்டும் என்று காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

மாட்டுக்குக் கொடுக்கிற மாதிரி மூங்கில் குழாயில் கஷாயம் ஊற்றாதீர்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. ஏற்கெனவே உப்பிய இரைப்பை இன்னும் நிரம்பும். தப்பினால் மருந்து நுரையீரலுக்கும் போய்விடும்.

இப்போதும் பையன் "சிரிக்குது" என்பான். நான் முதலில் குதிரையின் முகத்தைப் பார்ப்பதில்லை, தரையைத்தான் பார்க்கிறேன்.