மின்கட்டணத்தைச் சரிபார்த்தல்

செந்தூலிலுள்ள ஒரு சலவைக் கடை மாதந்தோறும் ஏறத்தாழ 900 யூனிட் மின்சாரம் பயன்படுத்துகிறது எனக் கொள்வோம். ஒரு மாதம் 2,700 யூனிட்டுக்குக் கட்டணச் சீட்டு வருகிறது. சீட்டில் முந்தைய அளவு 41,200. தற்போதைய அளவு 43,900.

கடைக்காரர் முதலில் மின்மானியைப் பார்க்க வேண்டும். சீட்டிலுள்ள மின்மானி எண்ணும் சுவரிலுள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். அடுத்தடுத்த கடைகளின் மின்மானிகள் மாறிவிடுவதுண்டு. இன்று மின்மானி 42,130 காட்டினால், சீட்டின் அளவு தவறு. மின்மானி பின்னோக்கி ஓடாது.

மாறாக, அது 43,900ஐத் தாண்டியிருந்தால், பழைய சீட்டுகளைப் பார்க்க வேண்டும். 2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது மின்மானிகள் நேரில் பார்க்கப்படாமல், கட்டணம் மதிப்பிடப்பட்டது. அத்தகைய மதிப்பீடு குறைவாக இருந்தால், விடுபட்ட யூனிட்டுகள் பின்னர் ஒரே சீட்டில் சேரும். மதிப்பீடு ஏதும் இல்லையெனில், எல்லாச் சாதனங்களையும் அடைத்துவிட்டுப் பார்க்கலாம். அப்போதும் எண் ஏறினால், மின்கசிவோ மின்மானிக் கோளாறோ இருக்கலாம்.

பிறகு, தேதியுடன் எடுத்த மின்மானிப் படத்தையும் ஆறு மாதச் சீட்டுகளையும் தெனாகா நேஷனல் அலுவலகத்தில் கொடுத்து, புகார் எண்ணைப் பெற வேண்டும். தீர்வு கிடைக்காவிட்டால், எரிசக்தி ஆணையத்திடம் முறையிடலாம்.