பூஜ்யம் சதவீதம், ஒரு சதவீதம், பதினாறு சதவீதம்: எது மலிவு?

சித்தி மகன் போன மாதம் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். சித்தப்பாவின் ஆஸ்பத்திரி பில் 60,000 ரூபாயைக் கிரெடிட் கார்டில் தேய்த்திருக்கிறான். ஸ்டேட்மென்ட் வந்துவிட்டது, கடைசித் தேதிக்கு இன்னும் எட்டு நாள். "மினிமம் டியூ 3,000 தான் போட்டிருக்கு அண்ணா, அதை மட்டும் கட்டிட்டு மெதுவா பார்த்துக்கலாம்ல?" என்று கேட்டான். கூடவே மூன்று சலுகைகள் வந்திருந்தன. அவனுடைய வங்கியே மொத்த பில்லையும் 12 மாதத் தவணையாக மாற்றித் தருகிறது, வட்டி ஆண்டுக்கு 16 சதவீதம், பிராசஸிங் கட்டணம் 1 சதவீதம். அவனிடம் இருக்கும் இன்னொரு வங்கியின் கார்டில் பேலன்ஸ் டிரான்ஸ்பர், மாதம் 1 சதவீதம்தான், கட்டணமே கிடையாது, 12 மாதம். அதே இரண்டாவது வங்கியில் இன்னொரு திட்டம்: மூன்று மாதம், வட்டி பூஜ்யம், கட்டணம் மட்டும் 3 சதவீதம்.

பார்த்த மாத்திரத்தில் யாருக்கும் தோன்றும் வரிசை இதுதான்: பூஜ்யம் முதலில், ஒரு சதவீதம் அடுத்து, பதினாறு கடைசி. அவனும் அப்படித்தான் நினைத்தான்.

முதலில் அந்த 3,000 ரூபாய் யோசனையை ஒதுக்கிவிடுவோம். மினிமம் மட்டும் கட்டினால் மீதிக்கு ஓடும் வட்டி பல கார்டுகளில் மாதம் 3.5 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. அவன் கார்டிலும் அதுதான். அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. மற்ற கடன்களின் வட்டிக்கு ஜிஎஸ்டி கிடையாது, கிரெடிட் கார்டு வட்டிக்கு உண்டு. பலருக்கு இது பில்லில் பார்த்துத்தான் தெரியவரும். இரண்டும் சேர்ந்தால் மாதத்துக்கு 4.13 சதவீதம். 60,000க்கு ஒரு மாதத்துக்கே 2,478 ரூபாய். அவன் கட்டலாம் என்ற 3,000த்தில் அசலுக்குப் போவது ஐநூறு சொச்சம். மாதம் ஐயாயிரத்து ஐநூறு வீதம் விடாமல் கட்டினால்கூட இந்தக் கடன் அடைய 15 மாதம் ஆகும், கூடுதலாகக் கொடுப்பது சுமார் 21,000. இது போதாதென்று, பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். அந்த நாற்பது, ஐம்பது நாள் இலவசக் காலம் அவ்வளவுதான். ஆக மூன்று சலுகைகளில் எதை எடுத்தாலும் இதைவிடத் தேவலை. கேள்வி, எதை என்பது.

ஒரு சதவீதத்தை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் ஏமாற்றம் அதிகம் இருப்பது அதில்தான். "மாதம் 1 சதவீதம்" என்றால் ஆண்டுக்கு 12 என்று மனசு கணக்குப் போடும். ஆனால் சின்ன எழுத்தில் "ஃப்ளாட்" என்று ஒரு வார்த்தை இருந்தது. அதாவது வட்டியை முழு 60,000க்கும் பன்னிரண்டு மாதத்துக்கும் போட்டு விடுகிறார்கள்: 7,200 ரூபாய். தவணை 67,200ஐப் பன்னிரண்டால் வகுத்தது, 5,600. இதில் என்ன தப்பு? ஆறாவது தவணை கட்டும்போது உன்னிடம் வங்கியின் பணம் பாதிக்குமேல் இல்லை, ஆனால் வட்டி முழுப் பணத்துக்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறாய். வருஷம் முழுக்க உன் கையில் சராசரியாக இருந்தது முப்பதாயிரத்துச் சொச்சம்தான். அதற்கு 7,200 என்றால் விகிதம் ஏறக்குறைய இரட்டிப்பு. சரியாகப் போட்டால் ஆண்டுக்கு 21.5 சதவீதம் வருகிறது. வட்டிக்கு ஜிஎஸ்டி 1,296 சேர்த்தால் 25.2 சதவீதம். கட்டணம் இல்லை என்றது உண்மை. அது வட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கணக்கு அறிவு தேவையில்லை. எக்செலோ கூகுள் ஷீட்டோ போதும். எத்தனை தவணை, ஒரு தவணை எவ்வளவு (ஜிஎஸ்டியோடு), கட்டணம் போக உண்மையில் உனக்குக் கிடைத்த பணம் எவ்வளவு, இந்த மூன்றைக் கொடுத்தால் ஆண்டு விகிதம் வந்துவிடும்:

```
=RATE(12,-5708,60000)*12
=RATE(12,-5524,59292)*12
=RATE(3,-20000,57876)*12
```

முதல் வரி அந்த ஒரு சதவீதச் சலுகை. 5,708 என்பது வட்டி, ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து மாதம் போகும் பணம். விடை 25.2 சதவீதம்.

இரண்டாவது, அவனுடைய சொந்த வங்கியின் 16 சதவீதம். இங்கே வட்டி குறைந்துவரும் அசலுக்கு மட்டும். தவணை 5,444 ரூபாய். பன்னிரண்டு மாதத்தில் மொத்த வட்டி 5,326, அதற்கு ஜிஎஸ்டி 959, கட்டணம் 600, கட்டணத்துக்கு ஜிஎஸ்டி 108. எல்லாம் சேர்த்து 6,993. ஜிஎஸ்டி மாதாமாதம் குறைந்துகொண்டே வரும், நான் சராசரியாக 5,524 என்று போட்டிருக்கிறேன். கட்டணம் 708ஐ 60,000இலிருந்து கழித்ததால் 59,292. விடை 21.1 சதவீதம். பதினாறு என்று சொன்னது பொய்யில்லை, ஆனால் நீ கொடுப்பது இருபத்தொன்று.

மூன்றாவது, பூஜ்யம். கட்டணம் 1,800, ஜிஎஸ்டி 324, ஆக 2,124. மூன்று தவணை, தலா இருபதாயிரம். விடை 21.9 சதவீதம்! பூஜ்யம் என்று எழுதியிருப்பது பதினாறைவிட விலை கூடுதல். கட்டணம் முதல் பில்லில்தான் வரும், கையில் கொடுக்கும்போது கழிப்பதில்லை என்பதால் உண்மையான எண் கொஞ்சம் குறையலாம். பெரிய வித்தியாசம் இல்லை.

காரணம் எளிது. கட்டணம் என்பது ஒரே தடவை கொடுப்பது, அது எத்தனை மாதத்துக்குப் பரவுகிறது என்பதைப் பொறுத்து கனம் மாறும். அதே 3 சதவீதம் பன்னிரண்டு மாதத்துக்கு என்றால் லேசு. மூன்று மாதத்துக்கு என்றால், அதுவும் முதல் மாதமே மூன்றில் ஒரு பங்கு திரும்பிப் போகிறது என்றால், பாரம். 2013இல் ரிசர்வ் வங்கி, பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று வங்கிகளுக்கு வெளிப்படையாகவே எழுதியது. 2022 கிரெடிட் கார்டு விதிகளிலும், தவணையாக மாற்றும் முன்பே அசல், வட்டி, தள்ளுபடி ஆகியவற்றைத் தனித்தனியாகக் காட்ட வேண்டும், வட்டி உள்ளதைச் செலவில்லாத் தவணை என்று மறைக்கக் கூடாது என்று இருக்கிறது. அதனால் ஆப்பில் "உறுதிசெய்" பொத்தானை அமுக்கும் முன்னால் அந்த விவரம் வந்தே ஆக வேண்டும். வரும். நாம்தான் தள்ளிவிட்டுப் போகிறோம்.

அப்படியானால் பூஜ்யம் மோசமா? இங்கேதான் விகிதத்தை மட்டும் பார்த்தால் சறுக்கும். விகிதத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று, ஆனால் ரூபாயில் ஒன்று 2,124, இன்னொன்று 6,993. மூன்று மாதத்தில் அடைக்க முடிகிறவனுக்குச் சந்தேகமே இல்லாமல் பூஜ்யம்தான் நல்லது. முடியாதவனுக்கு? அவனால் மாதம் அதிகபட்சம் ஒன்பதாயிரம்தான் ஒதுக்க முடியும். இருபதாயிரம் தவணையில் ஒன்பது போக மீதி பதினோராயிரம் அப்படியே பழைய 4.13 சதவீதத்துக்குள் விழும். தவணைத் தொகை முழுசாக மினிமம் டியூவிலேயே சேர்ந்துவிடுவதால், குறைத்துக் கட்டினால் தாமதக் கட்டணமும் வரும். மலிவான கடன் ஒரே மாதத்தில் பழைய கடனாக மாறிவிடும்.

"சரி, 12 மாதம் எடுத்துட்டு, நடுவுல பணம் வந்தா முடிச்சிடலாமே?" என்றான். நியாயமான யோசனை, ஆனால் அதற்கும் விலை உண்டு. அவன் வங்கியில் முன்கூட்டி முடித்தால் மீதி அசலில் 3 சதவீதம், ஜிஎஸ்டி தனி. மூன்று தவணை கட்டியபின் மீதி அசல் 45,882. அதற்கு 1,624. அதுவரை கொடுத்த வட்டி, வரி, பிராசஸிங் கட்டணம் 3,319. ஆக மூன்று மாதத்துக்கு 4,943 ரூபாய், விகிதம் ஆண்டுக்கு 36ஐத் தொடுகிறது. அந்த நிலைக்கு வந்தபின் முடிப்பது லாபம்தான், இனிமேல் கட்ட வேண்டிய 3,674 மிச்சமாகிறது அல்லவா. ஆனால் முடிப்பேன் என்று முன்பே தெரிந்திருந்தால் நீண்ட தவணையை எடுத்திருக்கவே கூடாது.

பேலன்ஸ் டிரான்ஸ்பரில் இன்னொரு சிக்கல், என் சொந்த அனுபவம். புது வங்கி பணத்தைப் பழைய கார்டுக்கு அனுப்பிச் சேரச் சில நாள் ஆகும். விண்ணப்பித்துவிட்டோமே என்று சும்மா இருந்தேன். நடுவில் கடைசித் தேதி போய்விட்டது, தாமதக் கட்டணம். பழைய கார்டில் ஏற்கெனவே வட்டி ஓடிக்கொண்டிருந்ததால், அசல் அடைந்த அடுத்த மாதமும் ஒரு பில் வந்தது. ஸ்டேட்மென்ட் போட்ட நாளிலிருந்து பணம் சேர்ந்த நாள்வரை ஓடிய வட்டி அது. 60,000க்குப் பன்னிரண்டு நாள் என்றால் வரியோடு 977 ரூபாய். பூஜ்யம் என்று கணக்குப் போட்ட காகிதத்தில் இது இருக்காது. அப்புறம், காலியான பழைய கார்டு பர்ஸிலேயே இருக்கும். அதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரே வங்கியில் தவணையாக மாற்றினால் இந்த இடைவெளி கிடையாது. எட்டு நாள் மிச்சம் இருந்ததால், கடைசித் தேதிக்கு முன்பே மாற்றினால் வட்டி ஓடும் நிலைக்கே போகாது. மாற்றிய தொகை கார்டு லிமிட்டில் அடைபட்டிருக்கும், தவணை கட்டக்கட்டத்தான் விடுபடும். அது ஒன்றுதான்.

எனவே பேச்சு தவணைக் காலத்துக்கு வந்தது. ஆப்பில் 12 தான் முதலில் டிக் ஆகியிருக்கிறது, கீழே தள்ளினால் 9, 6 எல்லாம் இருக்கிறது, அதே 16 சதவீதத்தில். ஆறு மாதம் என்றால் மொத்தச் செலவு 4,049, ஆனால் தவணை 10,472. அவன் ஒன்பதாயிரத்தைத் தாண்டுகிறது. ஒன்பது மாதம் என்றால் தவணை 7,119, மொத்தச் செலவு 5,512. பன்னிரண்டைவிட 1,481 ரூபாய் குறைவு, மாதம் கொஞ்சம் கைக்கடி.

ஒன்பதைத் தேர்ந்தெடுத்தான். முதல் பில் மட்டும் அதிகமாக வரும் என்று சொல்லிவைத்தேன்: தவணை 7,119, வட்டிக்கு ஜிஎஸ்டி 144, கட்டணம் 708, மொத்தம் 7,971. நேற்று பில் வந்தது. சில ரூபாய் கூடுதலாக இருக்கிறதே என்று போன் செய்தான். மாற்றிய நாளிலிருந்து ஸ்டேட்மென்ட் நாள்வரை ஒரு மாதத்துக்கு மேல் ஒரு நாள் ஆகிவிட்டதா என்று எண்ணிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.