சார்ஜில் போட்ட போனைத் தொட்டால் ஏன் ‘ஜிவ்’வென்கிறது?

சார்ஜில் இருக்கும் போனின் உலோக விளிம்பில் விரல் பட்டால் சிலருக்கு லேசாக ‘ஜிவ்’வென்று இருக்கும். ‘ஷாக் அடிக்குது’ என்பார் பாட்டி. ‘அதெல்லாம் ஒண்ணுமில்ல’ என்பான் பேரன். இருவர் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு.

சுவரிலிருந்து வருவது 230 வோல்ட். சார்ஜர் அதை முதலில் சுமார் 325 வோல்ட் டி.சி. மின்சாரமாக மாற்றுகிறது. போனுக்கு வேண்டியதோ வெறும் 5 வோல்ட். நடுவில் இருப்பது ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர். அதில் இரண்டு கம்பிச் சுருள்கள். ஒன்றை ஒன்று தொடுவதே இல்லை.

அப்படியானால் மின்சாரம் எப்படித் தாண்டுகிறது? வரப்புக்கு இந்தப் பக்கம் தண்ணீரை மொண்டு, அந்தப் பக்கம் ஊற்றுவது போலத்தான். மொள்ளும்போது ஊற்ற முடியாது. ஊற்றும்போது மொள்ள முடியாது. டிரான்சிஸ்டர் சுவிட்ச் ‘ஆன்’ ஆனதும் முதல் சுருளில் மின்னோட்டம் ஏறுகிறது. அப்போது இரண்டாம் சுருளில் உள்ள டயோடு வழியை அடைத்துவிடுவதால் ஆற்றல் காந்தப்புலமாகச் சேர்கிறது. சுவிட்ச் ‘ஆஃப்’ ஆனதும் சுருள்களில் மின்னழுத்தம் திசை மாறும், டயோடு திறக்கும், சேர்த்ததெல்லாம் போன் பக்கம் கொட்டும். இதற்கு ‘ஃப்ளைபேக்’ என்று பெயர். பழைய பிக்சர் டியூப் டிவியில் இருந்த டிரான்ஸ்ஃபார்மரின் பெயர்தான் இதற்கும் வந்தது.

ஆற்றல் சேரும் இடம்தான் வியப்பு. கம்பியிலோ நடுவில் உள்ள ஃபெரைட் கட்டையிலோ அதிகம் சேர்வதில்லை. அந்தக் கட்டையில் வேண்டுமென்றே விட்டிருக்கும், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான காற்று இடைவெளியில்தான் பெரும்பங்கு தங்குகிறது. இடைவெளி இல்லாவிட்டால் ஃபெரைட் சீக்கிரமே நிறைந்து, மின்னோட்டம் எகிறி, சுவிட்ச் கருகிவிடும்.

ஒரு தடவை மொள்வது ஏறக்குறைய 0.0002 ஜூல். கொசுறு அளவுதான். ஆனால் விநாடிக்கு 65,000 தடவை மொண்டால் 13 வாட். வெப்பமாக வீணாவது போக, 5 வோல்ட், 2 ஆம்பியர் சார்ஜர் தரவேண்டிய 10 வாட் கிடைத்துவிடும்.

சரி, அந்த ‘ஜிவ்’? இவ்வளவு வேகமாக சுவிட்ச் போட்டு அணைப்பதால் எழும் மின் இரைச்சலை அடக்க, இரண்டு பக்கத்தையும் ஒரு சிறு கெப்பாசிட்டர் இணைக்கிறது. ‘ஒய்’ வகை என்பார்கள். அதன் வழியே மில்லி ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான மின்சாரம் கசிவதைத்தான் விரல் உணர்கிறது. உயிருக்கு ஆபத்தில்லை. பேரன் சொன்னது இந்த அளவில் சரி.

பாட்டியின் பயம் நியாயமாவது மலிவு சார்ஜரில். ‘ஒய்’ வகை, பழுதானாலும் வழிவிடாதபடி செய்யப்படுவது. அதற்குப் பதில் சாதாரண கெப்பாசிட்டரை வைத்தால், அது ஷார்ட் ஆகும் நாளில் சுவர் மின்சாரம் நேரே போனுக்கு வந்துவிடும். சுருள்களுக்கு நடுவே இன்சுலேஷன் டேப்பை மிச்சம் பிடித்தாலும் இதே கதிதான்.

சார்ஜரைப் பிரித்துப் பார்க்க வேண்டாம். அதன் மேல் சதுரத்துக்குள் சதுரம் போட்ட இரட்டை இன்சுலேஷன் குறியும், ‘R-’ என்று தொடங்கும் பி.ஐ.எஸ். எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்த எண்ணை BIS Care செயலியில் போட்டால் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று தெரியும். ‘ஜிவ்’ என்பது ‘சுரீர்’ ஆகிவிட்டால், சுவர் சுவிட்சை அணைத்த பிறகே அதைக் கழற்ற வேண்டும். மறுபடி மாட்டவே கூடாது.