ஒரே கட்டளை, இரண்டு நிரல்கள்

திங்கட்கிழமை ஒரு கணினியில் ஒரு கட்டளையைத் தட்டுகிறோம். வியாழக்கிழமை பக்கத்து மேஜையில் இருக்கும் கணினியில், ஓர் எழுத்துகூட மாறாமல், அதே கட்டளையைத் தட்டுகிறோம். இரண்டிலும் நிறுவல் பிழையின்றி முடிகிறது. பதிப்பு எண் என்ன என்று கேட்டால் இரண்டுமே 1.0.0 என்கின்றன. ஆனால் 1,247 ரூபாய்ப் பொருளுக்கு 18 விழுக்காடு வரி சேர்த்துப் பில் போட்டால், முதல் கணினி 1,471 ரூபாய் என்கிறது. இரண்டாவது 1,471 ரூபாய் 46 காசு என்கிறது.

இது விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்ட எடுத்துக்காட்டுதான். ஆனால் இதில் நடப்பதெல்லாம் பைத்தான் மொழியில் வேலை செய்கிறவர்களின் கணினிகளில் அன்றாடம் நடக்கக்கூடியது. காரணம், நாம் தட்டிய அந்த ஒரு வரியில் இருக்கிறது.

```
pip install git+https://git.example.org/kadai/kanakku.git
```

பைத்தானில் பிறர் எழுதிய நிரல் தொகுப்பு தேவைப்பட்டால், `pip` என்ற கருவி அதைப் பைபிஐ என்னும் பொதுக் கிடங்கிலிருந்து இறக்கித் தரும். அந்தக் கிடங்கில் ஒரு நல்ல விதி உண்டு. 1.0.0 என்று ஒரு கோப்பை ஏற்றிவிட்டால், அதே பெயரில் வேறு கோப்பை மறுபடி ஏற்ற முடியாது. திருத்தம் செய்தால் 1.0.1 என்று புது எண் போட்டே ஆக வேண்டும். அதனால் அங்கே பதிப்பு எண்ணை நம்பலாம்.

ஆனால் எல்லாத் தொகுப்பும் கிடங்குக்கு வருவதில்லை. அலுவலகத்துக்குள் மட்டும் புழங்கும் நிரல் வராது. நேற்று சரிசெய்த பிழைத்திருத்தம் அடுத்த வெளியீடு வரும்வரை காத்திருக்கும். அப்போதெல்லாம் நிரலை எழுதுகிறவர்களின் கிட் களஞ்சியத்தின் முகவரியையே `pip`-இடம் கொடுத்துவிடுவது வழக்கம். மேலே உள்ள வரி செய்வது அதைத்தான். கிடங்கில் கட்டி வைத்த பொட்டலத்தை வாங்காமல், பட்டறைக்கே போய் மேஜைமேல் இருப்பதை எடுத்துவருகிறோம். மேஜைமேல் இன்று இருப்பது நாளையும் அப்படியே இருக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை.

நகரும் நாடா

கிட் களஞ்சியத்தை ஒரு கணக்குப் பேரேடாக நினைத்துக்கொள்ளலாம். நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் அதில் ஒரு பதிவு. இதற்குக் கமிட் என்று பெயர். ஒவ்வொரு கமிட்டுக்கும் 40 எழுத்துகளும் எண்களும் கொண்ட ஓர் அடையாளம் உண்டு. அந்த அடையாளம் யாரோ சூட்டிய பெயரல்ல. பதிவின் உள்ளடக்கத்திலிருந்தும் அதற்கு முந்தைய பதிவின் அடையாளத்திலிருந்தும் கணக்கிட்டு வருவது. உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் அடையாளம் முழுக்க மாறிவிடும்.

கிளை என்பது அந்தப் பேரேட்டில் செருகியிருக்கும் நாடா. `main` என்ற கிளை எப்போதும் கடைசிப் பதிவைக் காட்டும். புதிதாக ஒரு பதிவு எழுதினால் நாடா தானாக அடுத்த பக்கத்துக்கு நகரும். இது குறையல்ல, கிளையின் வேலையே அதுதான்.

களஞ்சிய முகவரியை மட்டும் கொடுத்தால் `pip` என்ன செய்யும்? முதலில் களஞ்சியத்தைப் பிரதி எடுக்கும். அதன் இயல்புக் கிளை இந்த நொடியில் எங்கே நிற்கிறதோ அந்தக் கமிட்டை எடுக்கும். அதிலிருந்து தொகுப்பைக் கட்டி நிறுவும். முகவரிக்குப் பின்னால் `@main` என்று சேர்த்தாலும் இதே கதைதான். கிளையின் பெயரைச் சொல்லியிருக்கிறோமே தவிர, எந்தப் பதிவு என்று சொல்லவில்லை.

நம் எடுத்துக்காட்டில் செவ்வாய்க்கிழமை ஒருவர் தொகைகளை முழு ரூபாயாக்கும் வரியை மாற்றி, காசு வரை காட்டும்படி எழுதினார். பதிப்பு எண்ணை ஏற்றவில்லை. வேலை இன்னும் முடியாததால் அவர் ஏற்ற வேண்டிய தேவையும் இல்லை. திங்கட்கிழமை நிறுவிய கணினி பழைய பதிவை எடுத்தது. வியாழக்கிழமை நிறுவியது புதியதை எடுத்தது. இரண்டிலும் எண் மட்டும் 1.0.0.

குழப்பம் இதோடு முடிவதில்லை. முதல் கணினியில் அதே கட்டளையை மறுபடி தட்டினால் புதியது வந்துவிடும் என்று தோன்றும். ஆனால் ஏற்கெனவே 1.0.0 இருப்பதைப் பார்த்த `pip`, எண் ஒன்றாகவே இருக்கிறது என்று பழையதை அப்படியே விட்டுவிடலாம். `--force-reinstall` சேர்த்தால்தான் மாற்றும். இதை அறியாதவர், "மறுபடி நிறுவியும் பார்த்துவிட்டேன், பிழை நிரலில் இல்லை" என்று முடிவுகட்டி, தரவில் பிழை தேடத் தொடங்குவார்.

எது இருக்கிறது என்று கண்டுபிடிப்பது

இந்த இடத்தில் பதிப்பு எண்ணைக் கேட்பதில் பயனில்லை. கமிட்டைக் கேட்க வேண்டும். களஞ்சியத்திலிருந்து நிறுவும்போது, தான் எடுத்த கமிட்டின் அடையாளத்தை `pip` ஒரு சிறு கோப்பில் குறித்துவைக்கிறது. `pip freeze` என்று தட்டினால் அது வெளியே வரும். முதல் கணினியில் இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்:

```
kanakku @ git+https://git.example.org/kadai/kanakku.git@9b7c1e04d2a85f3361c0e7ab94d85f20c6e1b37a
```

இரண்டாவது கணினியில் கடைசிப் பகுதி `3e50fa19` என்று தொடங்குகிறது. 46 காசு எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு இங்கே விடை கிடைத்துவிட்டது. களஞ்சியத்தின் பிரதியில் `git diff` கட்டளைக்கு இந்த இரண்டு அடையாளங்களையும் கொடுத்தால், மாறிய வரிகளையே அது காட்டும். கிளை இப்போது எங்கே நிற்கிறது என்பதை எதையும் நிறுவாமலே பார்க்கலாம்:

```
git ls-remote https://git.example.org/kadai/kanakku.git main
```

காசுக் கணக்கு பிழைத்ததாவது கண்ணுக்குத் தெரிந்தது. தெரியாத ஆபத்து ஒன்று உண்டு. களஞ்சியத்திலிருந்து தொகுப்பைக் கட்டும்போது, அந்தக் களஞ்சியத்தில் எழுதியிருக்கும் கட்டுமான நிரல் நம் கணினியில் ஓடுகிறது. தொகுப்பைப் பயன்படுத்தத் தொடங்கும் முன்பே, நிறுவும்போதே ஓடிவிடுகிறது. அந்தக் கிளையில் எழுதும் உரிமை பெற்ற ஒருவரின் கடவுச்சொல் திருடுபோனால், திருடியவர் எழுதும் நிரலும் அடுத்த நிறுவலில் நம் கணினியில் நம் உரிமைகளோடு ஓடும். கட்டளை வரியில் நாம் எதையும் மாற்றியிருக்க மாட்டோம்.

டேக் போதுமா?

கிளை நகரும் என்றால், நகராத குறியாக டேக் இருக்கிறதே என்று கேட்கலாம். `@v1.0.0` என்று வெளியீட்டுக்கு இடும் பெயர் அது. வழக்கத்தில் அதை யாரும் நகர்த்துவதில்லை. ஆனால் கிட் அதைத் தடுப்பதும் இல்லை. எழுதும் உரிமை உள்ளவர் பழைய டேக்கை எடுத்து வேறொரு கமிட்டின் மேல் ஒட்டிவிடலாம்.

2025 மார்ச்சில் அதுதான் நடந்தது. `tj-actions/changed-files` என்பது கிட்ஹப்பின் தானியங்கி வேலைகளில் பயன்படும் ஒரு சிறு கருவி. 23,000-க்கும் மேற்பட்ட களஞ்சியங்கள் அதைப் பயன்படுத்திவந்தன. தாக்கியவர்கள் அதன் களஞ்சியத்தில் எழுதும் வழியைப் பெற்று, பழைய பதிப்புகளின் டேக்குகளையெல்லாம் தீங்கான ஒரே கமிட்டின் மேல் திருப்பிவிட்டார்கள். அந்த நிரல், வேலை ஓடும் கணினியின் நினைவகத்திலிருந்து கடவுச்சொற்களையும் ரகசியச் சாவிகளையும் எடுத்து, வேலையின் பதிவேட்டில் அச்சிட்டது. பொதுக் களஞ்சியங்களின் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். இந்தக் கோளாறு CVE-2025-30066 என்ற எண்ணில் பதிவாகியிருக்கிறது.

அது `pip` வழியாக வந்த தொகுப்பல்ல. ஆனால் களஞ்சியத்தின் பெயரையும் ஒரு குறியையும் கொடுத்து நிரலை எடுக்கும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான். டேக்கை நம்பியிருந்தவர்கள் தங்கள் கோப்பில் எதையும் மாற்றாமலே மாட்டிக்கொண்டார்கள். முன்பே சரிபார்த்த ஒரு கமிட்டின் முழு அடையாளத்தை எழுதிவைத்திருந்தவர்களை அந்த டேக் மாற்றம் தொடவில்லை.

வரியைக் கட்டிவைப்பது

எனவே செய்ய வேண்டியது எளிது. திட்டத்தின் `requirements.txt` கோப்பில், `pip freeze` காட்டிய அந்த வரியை 40 எழுத்து அடையாளத்தோடு அப்படியே எழுதிவைப்பது. இனி திங்கட்கிழமை நிறுவினாலும் அடுத்த ஆண்டு நிறுவினாலும் அதே பதிவுதான் வரும். இதில் வேகமும் கொஞ்சம் கூடும். முழு அடையாளம் கொடுத்தால் பொருள் மாறாது என்பது `pip`-க்குத் தெரியும்; அதனால் ஒருமுறை கட்டியதைச் சேமித்துவைத்து மறுமுறை பயன்படுத்தும். கிளைப் பெயரை நம்பி அப்படிச் செய்யாது.

அடையாளத்தை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். கிட்ஹப்பில் ஒரு களஞ்சியத்தை யாரும் தன் கணக்கில் பிரதி எடுத்து அதில் எதையும் எழுதலாம். அப்படி எழுதிய கமிட்டை மூலக் களஞ்சியத்தின் முகவரி வழியாகவும் திறக்க முடிகிறது. யாரோ அனுப்பிய அடையாளத்தை ஒட்டும் முன் கிட்ஹப்பில் அந்தக் கமிட்டின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். இந்தக் களஞ்சியத்தின் எந்தக் கிளையையும் சேர்ந்ததல்ல என்று மேலே எச்சரிக்கை இருந்தால், ஒட்ட வேண்டாம்.

இந்த முறைக்கு எல்லைகளும் உண்டு. அடையாளம் கட்டிவைப்பது அந்த ஒரு தொகுப்பை மட்டுமே. அது தன் பங்குக்கு இழுத்துவரும் மற்றத் தொகுப்புகளுக்கும் தனித்தனியே பதிப்பு எழுதிவைக்க வேண்டும். களஞ்சியத்தையே உரியவர் நீக்கிவிட்டால் அடையாளம் கையில் இருந்தும் பயனில்லை. முக்கியமான தொகுப்பென்றால் கட்டிய கோப்பின் ஒரு பிரதியை நம்மிடமே வைத்துக்கொள்வது நல்லது. இன்னொன்று, கட்டிவைத்த வரி தானாகப் புதுப்பிக்காது. பாதுகாப்புத் திருத்தம் வந்தாலும் அது பழைய பதிவிலேயே நிற்கும். மாதத்துக்கு ஒருமுறையாவது கிளை எங்கே நகர்ந்திருக்கிறது என்று பார்த்து, இடையில் மாறிய வரிகளைப் படித்து, சோதித்து, அடையாளத்தை நாமே மாற்ற வேண்டும்.

நம் பில் கடைக்குத் திரும்பினால், இரண்டு கணினிகளிலும் இப்போது `9b7c1e04` என்று தொடங்கும் வரி இருக்கிறது; இரண்டும் 1,471 என்கின்றன. காசு வரை காட்டுவதே சரி என்று கடைக்காரர் சொன்னால், அந்த ஒரு வரியை `3e50fa19` என்று தொடங்கும் அடையாளத்துக்கு மாற்றிவிடலாம். யார், என்றைக்கு, எதற்காக மாற்றினார் என்பது நம் பேரேட்டிலும் ஒரு பதிவாக நிற்கும்.