ஓடுகிற வீடியோவின் தலைப்பை மாற்றலாமா?

யூடியூபில் வீடியோ போடுகிறவர்களிடையே ஒரு பயம் உண்டு. ஏற்றிய பிறகு தலைப்பில் கை வைத்தால் அல்காரிதம் கோபித்துக்கொள்ளும், வீடியோ கீழே போய்விடும் என்பார்கள். அடிக்கடி மாற்றினால்தான் புது வீடியோவாக எண்ணி மேலே தூக்கிவிடும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே தப்பு.

பயப்படுகிறவர்கள் டாம் ஸ்காட்டின் வீடியோவைப் பார்க்க வேண்டும். பிரிட்டனைச் சேர்ந்த அவர் 2020இல் வெளியிட்ட அந்த வீடியோவின் தலைப்பே, அதை இதுவரை எத்தனை முறை பார்த்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கைதான். எண்ணிக்கை ஏற ஏற, அவர் எழுதிய சின்ன புரோகிராம் ஒன்று தலைப்பைத் தானாகவே திருத்திக்கொண்டிருந்தது. தலைப்பை மாற்றுவதற்கே தண்டனை உண்டென்றால் அந்த வீடியோ காணாமல் போயிருக்கும். அதுவோ கோடிக்கணக்கில் பார்க்கப்பட்டது. அங்கே மாறியது எண் மட்டும்தான், விஷயம் மாறவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தலைப்பை மாற்றினீர்களா என்பதல்ல, புதுத் தலைப்பைப் பார்த்த ஜனங்கள் என்ன செய்கிறார்கள் என்பதுதான் யூடியூபுக்குக் கணக்கு. அப்படியானால் தலைப்பை மாற்றியதும் சில வீடியோக்கள் படுத்துவிடுவது ஏன்? பார்வையாளர்கள் எந்த வழியாக வருகிறார்கள் என்று பார்க்காமல் மாற்றியதால்தான்.

ஒரு வத்தக்குழம்பு வீடியோ இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தலைப்பு ‘வத்தக்குழம்பு செய்வது எப்படி’. பெரிய வரவேற்பு இல்லை, ஆனால் தினமும் இருநூறு பேர் பார்க்கிறார்கள். சேனல்காரருக்கு அது போதவில்லை. ‘பாட்டி மறைத்து வைத்த ரகசியம்!’ என்று மாற்றிவிடுகிறார். மாற்றும் முன் யூடியூப் ஸ்டுடியோவின் அனலிட்டிக்ஸில் டிராஃபிக் சோர்ஸ் பகுதியைத் திறந்திருந்தால், அந்த இருநூறில் நூற்றைம்பது பேர் தேடல் பெட்டியில் ‘வத்தக்குழம்பு’ என்று தட்டி வந்தவர்கள் என்பது தெரிந்திருக்கும். எந்தச் சொல்லைத் தட்டினார்கள் என்பதுகூட அங்கே வரிசையாக இருக்கும். அந்தச் சொல்லைத் தலைப்பிலிருந்து எடுத்துவிட்டால், தேடலில் அந்த வீடியோவுக்கு இருந்த பிடிப்பு தளர்ந்துவிடும். கிடைத்துக்கொண்டிருந்த இருநூறும் போகும். தேடல் வழியாக நிதானமாக ஓடுகிற வீடியோவைத் தொடாமல் இருப்பதே நல்லது. அவசியமென்றால் அந்தச் சொல்லை முன்னாலேயே விட்டுவிட்டு, பின்பாதியை மட்டும் திருத்தலாம். பின்பாதி செல்போனில் பெரும்பாலும் வெட்டுப்பட்டுத்தான் தெரியும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

அதே வீடியோ முகப்புப் பக்கத்திலும் ‘அடுத்து பார்க்க’ வரிசையிலும் காட்டப்பட்டு, யாரும் தொடவில்லை என்றால் கதை வேறு. இங்கே பார்க்க வேண்டியது இம்ப்ரெஷனும் கிளிக் விகிதமும். தம்ப்நெயில் பாதியாவது ஒரு நொடிக்கு மேல் திரையில் தெரிந்தால் ஓர் இம்ப்ரெஷன். பாதிச் சேனல்களுக்கும் வீடியோக்களுக்கும் கிளிக் விகிதம் 2 முதல் 10 சதவீதத்துக்குள் இருக்கும் என்று யூடியூபே சொல்கிறது. இருபதாயிரம் முறை காட்டியும் 1.5 சதவீதம்தான், ஆனால் உள்ளே வந்தவர்கள் பாதிக்கு மேல் உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்றால், சரக்கு நன்றாக இருக்கிறது, தலைப்பு அதைச் சொல்லவில்லை என்று அர்த்தம். தாராளமாக மாற்றலாம். உள்ளே வந்தவர்கள் அரை நிமிடத்தில் ஓடுகிறார்களா? அங்கே தலைப்பைக் காரமாக்கினால் இன்னும் நிறையப் பேர் வந்து இன்னும் நிறையப் பேர் ஓடுவார்கள். அதன் பிறகு யூடியூப் அந்த வீடியோவைக் காட்டுவதையே குறைத்துக்கொள்ளும்.

பலரை ஏமாற்றுவது கிளிக் விகிதத்தின் இறக்கம். முதல் நாள் 9 சதவீதம், நான்காம் நாள் 4 என்றதும் பதறித் தலைப்பை மாற்றிவிடுகிறார்கள். முதல் நாள் பார்த்தவர்கள் பெரும்பாலும் சப்ஸ்கிரைபர்கள். பிறகு முன்பின் தெரியாதவர்களுக்கும் காட்டுகிறார்கள், விகிதம் இறங்கத்தான் செய்யும். இம்ப்ரெஷன் ஏறிக்கொண்டே விகிதம் இறங்கினால் வீடியோ வளர்கிறது என்றுதான் பொருள். அந்த நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

மாற்றுவதென்று முடிவானால் தலைப்பை மட்டும் மாற்றுங்கள், தம்ப்நெயிலைத் தொடாதீர்கள். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. பழைய தலைப்பையும் தேதியையும் எங்காவது எழுதி வையுங்கள். ஒன்றிரண்டு வாரம் விட்டு, முன்பு எத்தனை நாளோ பின்பும் அத்தனை நாள் எடுத்து, தேடலைத் தேடலோடும் முகப்பை முகப்போடும் ஒப்பிடுங்கள். மொத்தப் பார்வையை மட்டும் பார்த்தால், தீபாவளி வாரத்து முறுக்கு வீடியோ தலைப்பால் ஏறியதா, பண்டிகையால் ஏறியதா என்று சொல்ல முடியாது.

எழுத்துப்பிழைக்கு இந்த யோசனையெல்லாம் வேண்டாம், கண்ணில் பட்டதும் திருத்திவிடலாம். வீடியோவின் லிங்க் மாறாது. ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்திகளில் மட்டும் பழைய தலைப்பு அப்படியே நிற்கும்.