கார்டில் எடுக்கும் ரொக்கத்துக்கு ஏன் இவ்வளவு செலவு?

கடையில் கிரெடிட் கார்டைத் தேய்த்து 20,000 ரூபாய்க்கு ஃபிரிட்ஜ் வாங்குகிறோம். பில்லில் சொன்ன கெடு தேதிக்குள் முழுப் பணத்தையும் கட்டிவிட்டால், வட்டியாக ஒரு ரூபாய்கூடக் கிடையாது. அதே கார்டை ஏடிஎம்மில் செருகி 20,000 ரூபாய் எடுத்தால், கெடு நாளில் முழுவதும் கட்டினாலும் ஆயிரம் ரூபாய்க்கு மேல் கைவிட்டுப் போகும்.

காரணம் எளிது. நாம் கார்டைத் தேய்க்கும்போது கடைக்காரர் தன் வரவில் ஒரு சிறு பங்கைக் கட்டணமாகக் கொடுக்கிறார். அதில் ஒரு பகுதி கார்டு கொடுத்த வங்கிக்கு வருகிறது. அந்த வருமானம் இருப்பதால்தான் சில வாரங்கள் வட்டியில்லாமல் காத்திருக்க வங்கிக்குக் கட்டுப்படியாகிறது. ஏடிஎம்மில் நடுவே கடைக்காரர் இல்லை. தவிர, ரொக்கத்துக்காக கார்டை நாடுபவர் பண நெருக்கடியில் இருக்கலாம் என்று வங்கிகள் கணிக்கின்றன. அதனால் முழுச் செலவும் நம் தலையில் விழுகிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஜூன் 5 அன்று 20,000 ரூபாய் எடுக்கிறார் ஒருவர். பல வங்கிகளில் இருப்பதுபோல, எடுக்கும் கட்டணம் 2.5 சதவீதம், வட்டி மாதம் 3.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கட்டணம் மட்டும் 500 ரூபாய். வட்டி பணம் எடுத்த அன்றே ஓடத் தொடங்கி, நாளுக்குச் சுமார் 23 ரூபாய் ஏறுகிறது. பில் ஜூன் 20 அன்று வருகிறது, கெடு ஜூலை 10. அவர் கெடு நாளில் முழுத் தொகையையும் கட்டும்போது 35 நாள் வட்டி சுமார் 805 ரூபாய் சேர்ந்திருக்கும். கட்டணத்துக்கும் வட்டிக்கும் சேர்த்து 18 சதவீத ஜிஎஸ்டி 235 ரூபாய். மொத்தம் சுமார் 1,540 ரூபாய்.

பலர் ஏமாறும் இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. ஜூன் 20 பில்லில் அதுவரையிலான 15 நாள் வட்டிதான் இருக்கும். மீதி 20 நாள் வட்டி அடுத்த பில்லில் எட்டிப்பார்க்கும். 'எல்லாம் கட்டியாயிற்று' என்று அந்த பில்லைத் திறக்காமல் விட்டால், தாமதக் கட்டணமும் சேர்ந்துகொள்ளும்.

வேறு வழியே இல்லாமல் எடுக்க நேர்ந்தால், பில் வரும்வரை காத்திருக்க வேண்டாம். கார்டில் வேறு பாக்கி இல்லாதவர் மூன்றே நாளில் திருப்பிக் கட்டினால், இதே கணக்கில் செலவு சுமார் 670 ரூபாயோடு நிற்கும். பழைய பாக்கி இருந்தால், கட்டும் பணத்தை எந்தக் கடனுக்கு முதலில் வரவு வைப்பது என்பது வங்கியின் விதிப்படி நடக்கும். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. ஆஸ்பத்திரியோ பள்ளியோ பணம் கேட்டால், ஏடிஎம்முக்கு ஓடும் முன் 'இங்கே கார்டு வாங்குவீர்களா?' என்று விசாரியுங்கள். கார்டுக்கென்று தனிக் கட்டணம் இல்லை என்றால், அங்கேயே தேய்ப்பதுதான் லாபம்.